அரைப்பேர் விழுந்த நாளின் கணக்கு: ஓர் எண்ணப் பதிவேடு எழுதப்பட்ட விதம்

மனச்சோர்வில் இருக்கும் ஒருவரிடம் "நல்லதையே நினையுங்கள்" என்று சொல்வதால் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவரான ஆரன் பெக் 1960களில் வேறொரு வழியைக் கையாண்டார். துக்கம் பொங்கும் கணத்தில் மனதில் மின்னிமறையும் எண்ணத்தைப் பிடித்து, அது எவ்வளவு தூரம் உண்மை என்று நோயாளியோடு சேர்ந்து விசாரித்தார். அறிகை மீள்கட்டமைப்பு என்று உளவளத்துணையில் நாங்கள் சொல்வது இந்த விசாரணையைத்தான். அதை எழுதும் தாளுக்கு எண்ணப் பதிவேடு என்று பெயர். இன்று பரவலாகப் பயன்படும் ஏழு பத்தி வடிவம் கிறிஸ்டின் படெஸ்கியும் டென்னிஸ் கிரீன்பெர்கரும் 1995இல் எழுதிய நூலின் வழியாகப் பிரபலமானது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுடன் நான் எழுதிய பதிவேட்டை, அவருடைய சம்மதத்துடனும் அடையாளங்களை மாற்றியும் இங்கே தருகிறேன். அவரை அக்கா என்றே குறிப்பிடுகிறேன்.

முதல் பத்தி சம்பவத்துக்குரியது. "இந்த வாரம் பூரா ஒரே கஷ்டம் மிஸ்" என்றுதான் அக்கா ஆரம்பித்தார். ஒரு வாரத்தை விசாரிக்க முடியாது, ஒரு கணத்தைத்தான் விசாரிக்கலாம். ஆகவே மனம் மிக மோசமாக இருந்த நேரம் எது என்று கேட்டேன். அது பெப்ரவரி மாதத்து வியாழக்கிழமை மாலை. மடுவத்தில் அவருடைய கொழுந்து 12 கிலோ நிறுத்தது. அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ வேண்டும். "உனக்கு இன்னைக்கும் அரைப்பேர்தான்" என்றார் கணக்கப்பிள்ளை. அன்றைய சம்பளம் பாதியாகிவிட்டது. நடந்ததை மட்டுமே எழுதினோம்.

இரண்டாவது பத்தி உணர்வு. நம் மொழியில் "மனசு சரியில்ல" என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் மூடிவிடும். அக்கா சொன்னது "நெஞ்சு அடைக்கிற மாதிரி" என்று. அந்த அடைப்புக்குள் என்னென்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்க்க அரைமணி நேரம் பிடித்தது. துக்கம் 100க்கு 90, வெட்கம் 85, பயம் 70 என்று அவரே அளவு போட்டார். இந்த எண்கள் பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது பத்தியில் எண்ணங்கள். முதலில் வந்தது ஒரு கேள்வி: "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" கேள்வியை நிறுத்துப் பார்க்க முடியாது. அதற்கு உங்கள் மனம் என்ன பதில் சொல்கிறது என்று கேட்டபோது மூன்று வாக்கியங்கள் வந்தன. "இந்த மாசம் சம்பளம் பத்தாது." "எல்லாரும் என்னயப் பாத்து கேவலமா நெனச்சிருப்பாங்க." "நான் எதுக்கும் லாயக்கில்லாதவ, பிள்ள படிப்பயும் நானே கெடுக்கப்போறேன்." ஒவ்வொன்றையும் தனியாக வைத்து, இது மட்டும் மனதில் இருந்தால் துக்கம் எவ்வளவு என்று கேட்டேன். முதலாவதற்கு 30 என்றார். மூன்றாவதைச் சொல்லும்போதே அழுதார். சுடும் எண்ணம் அதுதான், விசாரிக்க வேண்டியதும் அதைத்தான். அப்போது அதை அவர் 95 வீதம் நம்பினார்.

நான்காவது பத்தியில் அந்த எண்ணத்துக்குச் சார்பான ஆதாரங்கள். இதைத் தாண்டிச் செல்லப் பலர் அவசரப்படுகிறார்கள். துக்கத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும், அதைக் கேட்காமல் விட்டால் அடுத்த பத்தியை மனம் ஏற்காது. அந்த வாரம் மூன்று நாட்கள் அரைப்பேர் விழுந்திருந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் மகளின் டியூஷன் காசு ஒரு மாதம் பாக்கி. இரண்டும் உண்மை, எழுதினோம். "எல்லாரும் சிரிச்சாங்க" என்றும் சொன்னார். யார் சிரித்தார்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருப்பார்கள் என்று தோன்றியது என்றார். அதை எழுதவில்லை. நீதிமன்றத்தில் சாட்சியாக ஏற்காத ஒன்றை இந்தப் பத்தியிலும் ஏற்பதில்லை.

ஐந்தாவது பத்தி எதிரான ஆதாரங்களுக்கு. சோர்ந்த மனதுக்கு இவை தாமாக நினைவுக்கு வராது, கேட்டுத்தான் எடுக்கவேண்டும். அன்று அதே மலையில் எத்தனை பேர் எடுத்தார்கள்? 14 பேர். எத்தனை பேருக்கு அரைப்பேர்? விரல்விட்டு எண்ணினார், 9 பேருக்கு. மழையில்லாத வரட்சி, கொழுந்தே துளிர்க்கவில்லை. மழை நன்றாகப் பெய்த நவம்பரில் அவர் எவ்வளவு எடுத்தார்? 24 கிலோ வரை. 22 வருடமாக இந்த வேலை. "உங்க தங்கச்சிக்கு அரைப்பேர் விழுந்தா அவளயும் லாயக்கில்லாதவன்னு சொல்லுவீங்களா அக்கா?" என்று கேட்டேன். "ஐயோ, மலையில கொழுந்து இல்லாட்டி அவ என்ன செய்வா?" என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டோம்.

ஆறாவது பத்தி சமநிலையான எண்ணம். அக்கா முதலில் சொன்னது, "எல்லாம் சரியாயிரும்." எவ்வளவு நம்புகிறீர்கள் என்றால், 10 வீதம்! இதுதான் பலர் இடறும் இடம். இரண்டு பக்க ஆதாரங்களையும் சேர்த்துக்கொள்ளாத வாக்கியம் வெறும் ஆறுதல், அதை மனம் ஏற்பதில்லை. இரண்டு பத்திகளையும் "ஆனா" என்ற சொல்லால் இணைக்கச் சொன்னேன். இப்படி வந்தது: "இந்த வாரம் மூணு நாள் அரைப்பேர் விழுந்தது, காசு குறையும், டியூஷனுக்கு வழி பாக்கணும். ஆனா மலையில கொழுந்து இல்லாததால பாதிப்பேருக்கு மேல அப்படித்தான். மழைக்காலத்துல நான் நல்லாத்தான் எடுத்திருக்கேன்." நம்பிக்கை 75 வீதம்.

கடைசிப் பத்தியில் உணர்வுகளை மறுபடி அளந்தோம். துக்கம் 50, வெட்கம் 30. பயம் 65, அதாவது ஏறக்குறைய அப்படியே. துக்கமும் வெட்கமும் இறங்காமல் இருந்திருந்தால் சுடும் எண்ணத்தைத் தவறவிட்டோம் என்றோ, ஆறாம் பத்தியில் எழுதியதை அவர் நம்பவில்லை என்றோ எடுத்துக்கொண்டு மூன்றாம் பத்திக்குத் திரும்பியிருப்போம்.

பயம் இறங்காததற்குக் காரணம் வேறு. சம்பளம் பத்தாது என்பது திரிந்த எண்ணமல்ல, அது கணக்கு. இந்த முறையைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும்போது எனக்கு இருந்த பெரிய தயக்கமும் இதுதான். பாதிச் சம்பளத்தை மனப்பிரச்சினையாக்கி, உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொழிலாளியிடம் சொல்வது அநியாயம். பதிவேட்டால் முடிவதெல்லாம், தோட்டத்தின் கணக்கையும் "நான் லாயக்கில்லாதவள்" என்ற தீர்ப்பையும் பிரித்து வைப்பதுதான். கணக்குக்குத் தேவை வேறு வேலை. டியூஷன் ஆசிரியரிடம் தவணை கேட்பதென்று அக்கா தீர்மானித்தார். நிறுவையில் சாக்குக்கென்று கழிக்கும் கிலோ சரிதானா என்று மற்றப் பெண்களோடு போய்த் தோட்டத் தலைவரிடம் பேசுவதென்றும் சொன்னார்.

ஒரு பதிவேட்டால் மனம் மாறிவிடாது. அக்கா அடுத்த ஆறு வாரத்தில் ஒன்பது எழுதினார். ஒரே காம்பிராவில் ஐந்து பேர் இருக்கும் லயத்தில் கொப்பி யார் கையிலும் சிக்கும் என்பதால், சம்பவத்தை ஒரு சொல்லிலும் அளவுகளை எண்ணிலும் மட்டும் குறித்துவைத்து, மிச்சத்தை என்னிடம் வாயால் சொன்னார். எழுதத் தெரியாதவர்களுடனும் இப்படியே செய்யலாம். துக்கம் 90இல் இருக்கும்போது எழுத உட்காராமல், அழுது முடித்துத் தேநீர் குடித்த பிறகு எழுதுவது நல்லது.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் இதைத் தனியாகச் செய்யக்கூடாது. அவர்களுக்கு முதலில் தேவை ஒரு மனிதரும் மருத்துவரும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

ஐந்தாவது பதிவேட்டின் மூன்றாம் பத்தியில், "லாயக்கில்லாதவ" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டு அக்கா தானாகவே நிறுத்தினார். "இருங்க மிஸ், இன்னைக்கு மலையில எத்தன பேருக்கு விழுந்துச்சுன்னு முதல்ல எண்ணிப் பாக்குறேன்" என்றார்.