பணப்பையில் உள்ள பணமும் வங்கியில் உள்ள பணமும்

பொங்கலூர்ப் பக்கத்து விசைத்தறி நெசவாளர் ஒருவர் சென்ற பருவத்தில் நம்மிடம் வந்து தம் கைப்பேசியைக் காட்டினார். அதில் 7,000 ரூபாய் இருப்பதாகத் தெளிவாகத் தெரிந்தது. கோயம்புத்தூரில் படிக்கும் மகளின் விடுதிக் கட்டணத்துக்கு அத்தொகையை அவளது வங்கிக் கணக்குக்கு அனுப்ப முயன்றபோதெல்லாம் பயன்பாட்டுச் செயலி மறுத்துவிட்டது. கட்டணம் செலுத்த நான்கு நாட்களே இருந்தன. "பணம் என்னுடையதுதானே, ஏன் போகவில்லை?" என்பது அவருடைய கேள்வி. இக்கேள்விக்கு விடை கூறுமுன், அவர் கையில் இருந்தது எவ்வகைப் பணம் என்பதை நாம் அறிய வேண்டியதாயிற்று.

ஒரே செயலிக்குள் இரண்டு பாத்திரங்கள் இருக்கக்கூடும். ஒன்று நமது வங்கிக் கணக்கு. யு.பி.ஐ. வழியாக நாம் செலுத்தும்போதும் பெறும்போதும் பணம் வங்கிக் கணக்கிலிருந்தே போகிறது, வங்கிக் கணக்குக்கே வருகிறது. செயலி வெறும் வாயில்தான். மற்றொன்று 'வாலட்' என வழங்கும் பணப்பை. இதில் முன்கூட்டியே பணத்தைப் போட்டுவைத்துப் பிறகு செலவழிக்கிறோம். வங்கிப் பாஸ்புத்தகத்தைப் பதிந்து பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பணப்பையில் இடும் தொகை வங்கிக் கணக்கிலிருந்து போயிருந்தால், அது பற்று என்று எழுதப்பட்டு அங்கே கழிந்துவிட்டிருக்கும். பிறகு அது பணப்பையை நடத்தும் நிறுவனத்திடம் இருக்கும் பணமே தவிர, நம் வங்கியிருப்பு அன்று.

வங்கியல்லாத நிறுவனம் நடத்தும் பணப்பையாயின், அனைவருடைய பணத்தையும் ஒரு வணிக வங்கியில் தனியே ஒதுக்கிய கணக்கில் அந்நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆயினும் அக்கணக்கு நம் பெயரில் இல்லை. அதற்கு வட்டியும் கிடையாது. வங்கி வைப்புக்கு 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5,00,000 ரூபாய் வரை காப்பீடு உண்டு; அவ்வகைப் பணப்பைக்கு அக்காப்பீடு இல்லை. (நம் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் இடும் வைப்புக்கும் அக்காப்பீடு இல்லை என்பதை நம்மவர் மறந்துவிடுவதுண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கு உண்டு.)

இனி அந்நெசவாளரின் கணக்கைப் பார்ப்போம். அவர் கைப்பேசி எண்ணையும், ஓர் அடையாள ஆவணத்தின் எண்ணையும் தாமே தட்டச்சிட்டுப் பணப்பையைத் தொடங்கியவர். ஆவணத்தை யாரும் சரிபார்க்கவில்லை. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு 27 அன்று வெளியிட்ட ஆணையின்படி இத்தகைய சிறிய பணப்பையில் எந்நேரமும் 10,000 ரூபாய்க்கு மேல் இருப்பு நிற்கலாகாது; ஒரு மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் போடவும் இயலாது. இவ்விரண்டும் வெவ்வேறு தடைகள். அவர் மாதத் தொடக்கத்தில் கடைக்காரரிடம் ரொக்கம் கொடுத்து 6,000 ரூபாய் போட்டார்; 3,000 ரூபாய் செலவழித்தார்; பதினைந்தாம் தேதியளவில் மேலும் 4,000 போட்டார். இருப்பு 7,000. பிறகு 1,500 ரூபாய் போட முயன்றபோது மறுக்கப்பட்டது. பையில் 3,000 ரூபாய்க்கு இடம் இருந்தும் ஏன் என்றால், அம்மாதத்துக்குரிய 10,000 ரூபாயும் உள்ளே வந்து தீர்ந்துவிட்டது.

மகளுக்கு அனுப்ப இயலாமைக்குக் காரணம் இதுவன்று. சிறிய பணப்பையிலிருந்து பொருளோ சேவையோ வாங்கலாம். வேறொருவருக்குப் பணம் அனுப்பவோ ரொக்கமாக எடுக்கவோ அனுமதியில்லை. ரொக்கம் ஏற்கும் சிறிய பணப்பையை 24 மாதங்களுக்குள் முழுச் சரிபார்ப்புச் செய்துகொள்ள வேண்டும். செய்யாவிடில் அதன்பின் அதில் பணம் போட முடியாது. இருப்பதைச் செலவழிக்க மட்டும் இயலும்.

அவர் முழுச் சரிபார்ப்புக்கு முயன்றார். ஆதார் அட்டையில் பதிவாகியிருந்த பழைய கைப்பேசி எண் இப்போது அவரிடம் இல்லை. ஆகவே ஒருமுறை எண் வந்து சேரவில்லை. ஆதார் மையத்துக்குச் சென்று புதிய எண்ணைப் பதியும்படி ஆயிற்று. அது முடிவதற்குள் விடுதிக் கட்டண நாள் கடந்துவிடும். அப்பொழுது நாம் கூறிய வழி எளியது. வீட்டுக்கு வாங்க வேண்டிய மளிகை, மருந்து, தறிக்குரிய உதிரிச் சாமான் ஆகியவற்றைப் பணப்பையிலிருந்தே வாங்கி, அதற்கென வைத்திருந்த ரொக்கத்தை வங்கியில் கட்டி மகளுக்கு அனுப்பும்படி சொன்னோம். கட்டணம் உரிய நாளில் சேர்ந்தது. பையில் 1,200 ரூபாய் மிஞ்சியது.

புதிய எண் பதிவான பின் காணொளி வாயிலாக ஓர் அலுவலர் அவரைப் பார்த்து, ஆவணங்களைச் சரிபார்த்தார். பணப்பை முழுச் சரிபார்ப்புடையதாயிற்று. அவ்வாணையின்படி அத்தகைய பையில் 2,00,000 ரூபாய் வரை இருக்கலாம். வங்கிக் கணக்குக்கும் மாற்றலாம். முன்கூட்டிப் பதிவு செய்த ஒருவருக்கு மாதம் 2,00,000 வரை அனுப்பலாம். பதிவு செய்யாதவருக்கு 10,000 வரைதான். கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் இட்டு, முதலில் 100 ரூபாய் அனுப்பி, பாஸ்புத்தகத்தில் வந்ததைப் பார்த்த பின்னரே மீதியை மாற்றும்படி சொன்னோம். பெயரை எவ்வாறு எழுதினாலும், எண் யாருடையதோ அவர் கணக்குக்கே பணம் போகக்கூடும். உறுதிப்படுத்தும் திரையில் கட்டணம் காட்டப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நூற்றுக்கு மூன்று எனக் காட்டினால் 1,200 ரூபாய்க்கு 36 ரூபாய் போய்விடும். அதைவிடக் கடையில் செலவழிப்பதே மேல்.

இவை வீண் எச்சரிக்கை அல்ல என்பதற்கு 2024 இல் நாடே கண்ட உதாரணம் உண்டு. பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் கணக்குகளிலும் பணப்பைகளிலும் புதிதாகப் பணம் ஏற்கக் கூடாதென அவ்வாண்டு ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. முதலில் பிப்ரவரி 29 என்றிருந்த கெடு மார்ச் 15 ஆக நீட்டிக்கப்பட்டது. இருந்த பணத்தைப் பயன்படுத்தத் தடையில்லை. முழுச் சரிபார்ப்புடையோர் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும், குறைந்த சரிபார்ப்புடையோர் கடைகளில் செலவிட மட்டுமே இயலும் என்றும் ரிசர்வ் வங்கி விளக்கியது. ஒரே நிறுவனத்தில் ஒரே தொகை வைத்திருந்தவர்க்குள் வழி வேறானது, அன்றைய சரிபார்ப்பு நிலையாலேயே.

சரிபார்ப்பு என்ற சொல்லே இப்பொழுது திருடருக்கும் கருவியாகிவிட்டது. "உங்கள் கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, இன்றிரவு பணப்பை மூடப்படும்" என்று அழைப்பவர் இணைப்பொன்றை அனுப்பித் திரையைக் காணும் செயலியை நிறுவச் சொல்வார். எந்நிறுவனமும் அவ்வாறு கேட்பதில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

பணப்பையே வேண்டாமெனில் மூடிவிடலாம். சிறிய பையாயினும் மீதி, பணம் வந்த மூலக் கணக்குக்கே திரும்பும். அல்லது சரிபார்ப்புக்குப் பின் நம் வங்கிக் கணக்குக்கு வரும். ரொக்கமாகப் போட்டவர்க்கு மூலக் கணக்கு இல்லாமையால் பின்னதே வழி. நிறுவனம் மறுத்தாலோ 30 நாட்கள் பதிலின்றி இருந்தாலோ cms.rbi.org.in என்ற தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். நிறுவனத்துக்கு முதலில் புகார் அனுப்பிய நாளும் அதன் எண்ணும் அப்பொழுது கேட்கப்படும். ஆகவே அவற்றைக் குறித்து வைக்கும்படி அந்நெசவாளரிடம் சொல்லி, நம் சங்கப் பதிவேட்டின் பின்தாளிலும் ஒரு வரி எழுதி வைத்தோம்.