மாதாந்திர அறிக்கை கேட்டு ஒரு கடிதம்: திருவண்ணாமலையில் 5ஆம் தேதி ஏன் சிக்கல்?

அரசு அலுவலகக் கடிதங்களில் யாரும் கவனித்துப் படிக்காத கடிதம் ஒன்று உண்டு. "மாதாந்திர அறிக்கையை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் உரிய படிவத்தில் தவறாது அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்கிற கடிதம். வருஷக்கணக்காக அதே வாசகம், தேதி மட்டும் மாறும். வாங்குகிறவர் தலைப்பைப் பார்த்ததும் கோப்பில் சேர்த்துவிடுவார். எண்கள் தாமதமாக வரும். வந்த எண்களும் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு நினைவூட்டு 1, நினைவூட்டு 2, கடைசியில் அதிகாரி பெயரிட்டு எழுதும் நேர்முகக் கடிதம்.

இதில் அலுவலர்களின் சோம்பல் ஒரு பங்குதான். பெரும்பங்கு கடிதத்தில் இருக்கிறது. எந்த மாதம், எதுவரை எண்ணுவது, எதை எதோடு கூட்டுவது என்று அது சொல்வதே இல்லை. திருவண்ணாமலை மாதிரி ஊரில் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். அதனால் அந்த ஊரை வைத்தே பார்க்கலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். "துறைத் தலைவர்" என்றால் அரசு வழக்கில் சென்னையில் இருக்கும் ஆணையர், இயக்குநர்தான். மாவட்டத்தில் அதே துறையை நடத்துபவர் "மாவட்ட நிலை அலுவலர்". ஆட்சியர் அலுவலகத்திலிருந்து மாதக் கணக்குக் கேட்டுப் போகும் கடிதம் இவர்களுக்குத்தான். அவர்களுக்குக் கீழே வட்டம், ஒன்றியம், கிராமம் என்று அடுக்கு இறங்கும். திருவண்ணாமலை மாவட்டத்தில் 12 வட்டங்கள். ஜவ்வாது மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூரிலிருந்து செய்யாறு தாண்டி வெம்பாக்கம் வரை எல்லா இடத்து எண்ணும் ஏறி வந்த பிறகுதான் மாவட்ட எண் என்று ஒன்று கிடைக்கும்.

எனவே கெடு என்பது ஒரு தேதி கிடையாது, ஒரு சங்கிலி. பிறப்பு இறப்புப் பதிவு விதிகளில் இது ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. பதிவாளர் ஒரு மாதத்தின் புள்ளிவிவரப் பகுதிகளையும் மாதச் சுருக்க அறிக்கையையும் அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் மேலே அனுப்ப வேண்டும். பெற்றுக்கொண்ட அலுவலர் 10ஆம் தேதிக்குள் அதற்கும் மேலே அனுப்ப வேண்டும். நடுவில் இருக்கும் ஐந்து நாள்தான் சரிபார்க்கக் கிடைக்கிற நேரம். கடிதத்தில் ஒரே ஒரு தேதியைப் போட்டு எல்லா மட்டத்துக்கும் நகல் அனுப்பினால் என்ன ஆகும்? வட்டாட்சியரும் 5, அவரிடமிருந்து வாங்கித் தொகுக்கிறவரும் 5. தொகுக்கிறவர் என்ன செய்வார், பாவம்? போன மாத எண்ணில் நாலைந்தைக் கூட்டிப் போட்டு அனுப்புவார்.

நல்ல கடிதம் கூட்டத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி எழுதப்படும். ஆய்வுக்கூட்டம் 12ஆம் தேதி என்றால் தொகுப்பு 10ஆம் தேதி மாலை ஆட்சியர் மேசைக்குப் போக வேண்டும். சந்தேகம் கேட்டுத் திருத்த இரண்டு நாள் வேண்டும். ஆக மாவட்ட நிலை அலுவலரிடமிருந்து 8ஆம் தேதியும், வட்டத்திலிருந்து அவருக்கு 5ஆம் தேதியும் வர வேண்டும். இரண்டு தேதியும் கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

இப்போது இந்த 5ஆம் தேதியைத் திருவண்ணாமலையில் வைத்துப் பாருங்கள். 2025 டிசம்பர் 3, புதன்கிழமை, கார்த்திகை தீபம். மறுநாள் பௌர்ணமி கிரிவலம். 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை நவம்பர் மாத அறிக்கைக்குக் கெடு! நகராட்சி நிர்வாகம், காவல், சுகாதாரம், போக்குவரத்து, மின்வாரியம், வருவாய் என்று யாரெல்லாம் அறிக்கை தர வேண்டுமோ அவர்கள் எல்லாரும் அந்த வாரம் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பணியில் நிற்பார்கள். தட்டச்சு செய்கிற உதவியாளருக்கும் பந்தோபஸ்து பணி ஆணை வந்திருக்கும். அந்த வருஷம் நவம்பரிலும் இதே கதைதான். பௌர்ணமி 4ஆம் தேதி இரவு தொடங்கி 5ஆம் தேதி மாலை வரை இருந்தது. கெடுவை எழுதுகிறவர் காலண்டரை ஒரு தடவை புரட்டியிருந்தால் போதும், நினைவூட்டு எழுதும் வேலையே வந்திருக்காது. கெடுவைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. அந்த மாதத்துக்கு மட்டும் வட்ட அளவிலான தேதியை 2 என்று முன்னால் இழுத்துவிடலாம், அல்லது ஆய்வுக்கூட்டத்தை 15க்கு மாற்றலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. ஏனென்றால் தீபத்துக்கு முந்தின நாள் அவசரமாகக் கொடுத்த எண்ணை நம்ப முடியாது.

பௌர்ணமி கெடுவை மட்டும் தொந்தரவு செய்வதில்லை, எண்களின் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது. குப்பை அகற்றிய அளவு, சிறப்புப் பேருந்து நடைகள், மருத்துவ முகாமில் பார்த்த நோயாளிகள் எல்லாம் இந்த ஊரில் பௌர்ணமி அன்று எகிறும். ஆங்கில மாதத்துக்கு ஒரு பௌர்ணமி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2018 பிப்ரவரியில் பௌர்ணமியே இல்லை. அதற்கு முந்தின ஜனவரியிலும் அடுத்த மார்ச்சிலும் இரண்டிரண்டு. மூன்று மாத எண்ணை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் பிப்ரவரியில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்ட மாதிரி இருக்கும். தீபமும் இப்படித்தான் நகரும். 2023இல் நவம்பர் 26, 2024இல் டிசம்பர் 13. "சென்ற ஆண்டு இதே மாதம்" என்று ஒரு பத்தி படிவத்தில் இருந்தால், 2024 நவம்பர் படுமோசமாகவும் டிசம்பர் பிரமாதமாகவும் தெரியும். இரண்டுமே பொய்த் தோற்றம். 2025இல் கொடியேற்றம் நவம்பர் 24, தீபம் டிசம்பர் 3. ஒரே திருவிழா இரண்டு மாத அறிக்கையில் பிளந்து கிடக்கும்.

இதற்குப் பெரிய புள்ளியியல் எதுவும் தேவையில்லை. படிவத்தில் இரண்டு சின்னக் கட்டம் போதும்: "இம்மாதத்தில் பௌர்ணமி கிரிவல நாட்கள்" என்று ஒன்று, "அந்நாட்களுக்கான எண் தனியே" என்று இன்னொன்று. கூட்டத்தில் ஆட்சியர் கேள்வி கேட்கும்போது பதில் தாளிலேயே இருக்கும்.

அடுத்து, எது "இந்த மாத" எண் என்கிற கேள்வி. பிறப்பைத் தெரிவிக்க 21 நாள் அவகாசம் உண்டு. நவம்பர் 25இல் பிறந்த குழந்தை டிசம்பரில் பதிவாகலாம். நவம்பரில் பிறந்தவை, நவம்பரில் பதிவானவை இரண்டும் வேறு வேறு எண்கள். கடிதம் எதைக் கேட்கிறது என்று சொல்லாவிட்டால் பாதிப் பேர் ஒன்றையும் பாதிப் பேர் மற்றதையும் தருவார்கள். கூட்டுத்தொகை எதற்கும் உதவாது.

இதைவிட மோசமானது மனுக்கள் கணக்கு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரும் மனுக்களுக்கு எல்லா அலுவலகமும் மாத நிலுவை தர வேண்டும். வழக்கமான படிவத்தில் நாலு பத்தி: முந்தைய நிலுவை, வரப்பெற்றவை, தீர்வு செய்தவை, தற்போதைய நிலுவை. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் முந்தைய நிலுவை 412, வந்தது 168, தீர்வு 190, மீதி 390. கணக்கு சரியாக இருக்கிறது, இல்லையா?

அந்த 190இல் 165தான் உண்மையில் முடிந்தவை. மீதி 25 குடிநீர்க் குழாய், தெருவிளக்கு பற்றியவை. "எங்கள் துறைக்கு உரியதல்ல" என்று ஊரக வளர்ச்சித் துறைக்கு அனுப்பிவிட்டு அதையும் தீர்வில் சேர்த்திருக்கிறார்கள். அனுப்பப்பட்ட இடத்தில் அவை 29ஆம் தேதி போய்ச் சேர்கின்றன. அங்குள்ள எழுத்தர் "வரப்பெற்றவை என்றால் நேரடியாக வந்தவைதானே" என்று நினைத்து அவற்றை எண்ணவில்லை. இங்கே கழிந்தது, அங்கே ஏறவில்லை. மாவட்ட நிலுவை 25 குறைந்துவிட்டது, ஒரு தெருவிளக்கும் எரியவில்லை. மனு கொடுத்த அம்மாவுக்குப் பதிலும் போகாது, ஏனென்றால் எந்த அலுவலகத்தின் நிலுவைப் பட்டியலிலும் அவர் இல்லை.

படிவத்தில் இரண்டு பத்தி கூட்டினால் இது அடைபடும். B முந்தைய நிலுவை, C புதிதாக வந்தவை, D பிற அலுவலகத்திலிருந்து மாறி வந்தவை, E தீர்வு, F பிற அலுவலகத்துக்கு மாற்றியவை. தற்போதைய நிலுவையைக் கையால் அடிக்க விடக்கூடாது. G பத்தியில் இப்படி இருக்க வேண்டும்:

```
=B5+C5+D5-E5-F5
```

நம் கணக்கில் 412 + 168 + 0 − 165 − 25 = 390. நிலுவை அதேதான், ஆனால் 25 எங்கே போனது என்று தெரிகிறது. தொகுக்கிறவர் இரண்டே விஷயம் பார்த்தால் போதும். இந்த மாத B, போன மாத G-யோடு ஒத்துப்போக வேண்டும். எல்லா அலுவலகத்து F-இன் கூட்டுத்தொகை, எல்லா D-இன் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். F அதிகமாக இருந்தால் அத்தனை மனுக்கள் வழியில் நிற்கின்றன என்று அர்த்தம். மாதக் கடைசியில் அனுப்பியவை அடுத்த மாதம் ஏறுவது சகஜம். அடுத்த மாதமும் ஏறாவிட்டால்தான் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

எண்ணே இல்லாத அலுவலகம் ஒன்றும் அனுப்பாமல் இருப்பதும் ஒரு தொல்லை. வரவில்லையா, இல்லவே இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் "இன்மை அறிக்கை". காலிக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல.

சரி, இதெல்லாம் சேர்ந்தால் கடிதம் எவ்வளவு நீளம் ஆகும்? நான் எழுதிப் பார்த்த மாதிரி இது. பெறுநர், ந.க.எண் எல்லாம் விட்டுவிட்டேன்.

பொருள்: மாதாந்திர அறிக்கை – நவம்பர் 2025 – கெடு மற்றும் படிவம் – நினைவூட்டுதல் தொடர்பாக.

நவம்பர் 2025 மாதத்திற்கான (1.11.2025 முதல் 30.11.2025 முடிய) மனுக்கள் அறிக்கையை இணைப்பில் உள்ள படிவத்தில் மட்டும் அனுப்பக் கோரப்படுகிறது. தீபத் திருவிழாப் பணியை முன்னிட்டு இம்மாதத்திற்கு மட்டும் வட்ட அலுவலகங்கள் தங்கள் மாவட்ட நிலை அலுவலருக்கு 9.12.2025க்குள்ளும், மாவட்ட நிலை அலுவலர்கள் இவ்வலுவலகத்திற்கு 11.12.2025 மாலை 5 மணிக்குள்ளும் அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூட்டம் 15.12.2025 அன்று நடைபெறும். பிற அலுவலகத்திற்கு மாற்றிய மனுக்களைத் தீர்வு செய்தவையாகக் காட்டக் கூடாது. முந்தைய நிலுவை, அக்டோபர் அறிக்கையின் இறுதி நிலுவையுடன் வேறுபட்டால் காரணம் குறிப்பிட வேண்டும். மனுக்கள் இல்லையெனில் இன்மை அறிக்கை அனுப்ப வேண்டும்.

அரைப்பக்கம்தான். "தவறாது", "உடனடியாக", "தனிக் கவனம் செலுத்தி" ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா?

இணைப்பு பற்றி ஒரு வார்த்தை. படிவத்தை எக்ஸெல் கோப்பாக, யூனிகோட் எழுத்தில், பத்திகளைப் பூட்டி அனுப்ப வேண்டும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் வானவில் எழுத்துருவில் அடிக்கிற கைகள் இன்னும் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "கலசபாக்கம்" என்கிற பெயர் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும், தொகுப்பில் எந்த வட்டத்தோடும் சேராது. கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த பிரதி கோப்புக்கு வேண்டும்தான். ஆனால் அதை மட்டும் அனுப்பினால் 12 வட்டத்து எண்ணையும் யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். 390, 309 ஆவது அங்கேதான்.