கடன் அட்டை அறிக்கையில் பிழை கண்டறிதல்

கடன் அட்டை அறிக்கை என்பது ஒரு மாதச் சுழற்சியில் அட்டையில் பதிவான செலவுகள், வரவுகள், கட்டணங்கள் ஆகியவற்றை வங்கி தொகுத்து அனுப்பும் பட்டியலாகும். மொத்தத் தொகை சரியாகக் கூட்டப்பட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் பதிவுகள் தவறாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வரியையும் அறிக்கைக்கு வெளியே உள்ள ஒரு சான்றோடு ஒப்பிட வேண்டும்.

இரட்டைப் பதிவு

கடையில் அட்டையைத் தேய்க்கும்போது இணைப்பு அறுந்து, மீண்டும் தேய்ப்பதால் இது பெரும்பாலும் நேர்கிறது. ஒரே கடை, ஒரே தொகை, ஒரே நாள் அல்லது அடுத்த நாள் என இரு வரிகள் இருந்தால் ஐயம் கொள்ளலாம். முதலில், அதே தொகை பின்னர் "Cr" என வரவாகத் திரும்பியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். திரும்பவில்லை எனில், கையில் உள்ள ரசீதுகளை எண்ண வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே பில் இருக்கையில் இரு பற்றுகள் இருந்தால் அது இரட்டைப் பதிவு.

நாணய மாற்றம்

சிங்கப்பூரில் 100 டாலர் செலவு செய்யப்பட்டதாகக் கொள்வோம். அட்டை நிறுவனத்தின் மாற்று விகிதம் டாலருக்கு 65 ரூபாய் எனில் அடிப்படைத் தொகை 6,500 ரூபாய். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5% எனில் 227.50 ரூபாய். அக்கட்டணத்தின் மீது மட்டும் 18% ஜிஎஸ்டி, அதாவது 40.95 ரூபாய். ஆக மொத்தம் 6,768.45 ரூபாய்.

விகிதம் பொருள் வாங்கிய நாளுக்கு உரியதாக இல்லாமல், கணக்கில் பதிவான நாளுக்கு உரியதாக இருக்கலாம். எனவே சிறு வேறுபாடு பிழையாகாது. மொத்தத் தொகைக்கே ஜிஎஸ்டி கணக்கிட்டிருந்தால் அது பிழை. அறிக்கையில் டாலர் தொகை இல்லாமல் ரூபாய் மட்டும் இருந்தால், கடையின் கருவியே ரூபாயாக மாற்றியிருக்கக்கூடும். அப்போது விகிதம் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். ரசீதில் ரூபாய்த் தொகைக்கு ஒப்புதல் தரப்பட்டிருந்தால் அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

தவறாக வரவு வைக்கப்பட்ட பணம்

அட்டை மாற்றப்பட்ட பின் பழைய அட்டை எண்ணுக்கு 18,000 ரூபாய் செலுத்தப்பட்டால், புதிய கணக்கில் அது சேராமல் போகலாம். முழுப் பாக்கியும் செலுத்தியவருக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் வந்திருப்பதே இதன் அறிகுறி. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் உள்ள தேதி, தொகை, யூடிஆர் எண் ஆகியவற்றைக் கொண்டு பணம் சென்ற இடத்தை அறியலாம். வட்டியில்லாக் காலம் இழக்கப்படுவதால் புதிய செலவுகளுக்கும் வட்டி ஏறியிருக்கும். பணத்தைச் சரியான கணக்கில் சேர்க்கக் கோருவதுடன், இந்த வட்டியையும் அதன் ஜிஎஸ்டியையும் நீக்கக் கோர வேண்டும்.

முறையீடு

புகாரை எழுத்தில் அளித்து, அதன் எண்ணைப் பெற வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, மறுக்கப்பட்ட பில்லுக்கு வங்கி 30 நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும். பதில் வராவிட்டால் அல்லது பதில் நிறைவளிக்காவிட்டால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.