அலுவலகம் தரும் பதில் கடிதம்

நேயர்களே, தோட்டத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அது பெரட்டுக் களத்தில் எல்லார் காதுக்கும் போய்விடுகிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியிருப்புகள் அருகருகே இருப்பதால் இது இன்னும் வேகமாகப் பரவும். வேலை மாற்றம் கேட்டு எழுதும் கடிதத்திற்கு அலுவலகம் எப்படிப் பதில் எழுத வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாளுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். செவ்வாய், வியாழன், சனியில் மதியம் பன்னிரண்டுக்கு வேலையை முடிக்க அனுமதி கேட்டு மார்ச் 3ஆம் தேதி எழுதிக் கொடுக்கிறார்.

வேலை நேரம், நாள், இடம் மாற்றிக் கேட்க 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இடமளிக்கிறது. இந்தப் பிரிவு 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. முதலாளி 60 நாளுக்குள், அதாவது மே 2க்குள், எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்தே தீரும் என்று சட்டம் சொல்லவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் சுத்திகரிப்பு அறுபது நாள் காத்திருக்காது. ஆகவே நல்ல நிர்வாகி, முடிவு வரும்வரை தற்காலிக ஏற்பாட்டை முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுப்பார்.

பதில் கடிதத்தில் நோயின் பெயர் வேண்டியதே இல்லை. ‘உங்கள் மார்ச் 3ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. மார்ச் 10 முதல் செவ்வாய், வியாழன், சனியில் பன்னிரண்டு மணிக்கு வேலை முடிக்கலாம். அந்த நாட்களுக்குரிய பறிப்பு அளவும் சம்பளமும் கீழே உள்ளபடி கணக்கிடப்படும். ஜூன் 10இல் மறுபடி பேசுவோம்’ என்றால் போதும். சம்பளக் கணக்கை எழுதாமல் விட்டால், மாதக் கடைசியில் செக்ரோலில் ‘அரை நாள் வரவில்லை’ என்று விழுந்து சண்டை வரும்.

மண்டோருக்குப் போகும் சீட்டில் நாளும் நேரமும் மட்டும் இருக்கட்டும். ‘கிட்னி’ என்று அவருடைய நோட்டில் எழுதினால், மறுநாள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். டாக்டரிடமும் நோயைவிட, எந்த வேலை முடியாது, எத்தனை நாளைக்கு என்பதை எழுதித் தரச் சொல்லலாம். மேலும் விவரம் தேவைப்பட்டால் தொழிலாளியின் கையெழுத்துச் சம்மதம் பெற்றுத்தான் கேட்பது முறை. உடல்நலத் தகவலை, தனிப் பாதுகாப்புக்குரியது என்று 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது.

கடிதம் வந்ததும் மூடிய உறையில் வந்ததா, பெரட்டில் படிக்கப்பட்டதா, அறிவிப்புப் பலகையில் நகல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தேதியிட்ட உங்கள் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். பதிலே வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்கு அதை எடுத்துப் போகலாம்.