ஐந்து சிவப்பு வட்டம், ஒரே மைனஸ்

தபாலில் வந்த இயக்கவியல் ஒப்படைப்பு ஒன்று திருத்தி முடிந்துவிட்டது. படிப்பவர் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் பட்டம் படிக்கிறவர். விடைத்தாளில் ஐந்து சிவப்பு வட்டங்கள். ஐந்தும் பிளஸ், மைனஸ் மாறிப்போன இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "குறியைக் கவனிக்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த வரியைப் படிப்பவருக்குத் தான் கவனமில்லாதவர் என்ற எண்ணம் வருமே தவிர, எங்கே வழுக்கினோம் என்பது தெரியாது.

வகுப்பறையாக இருந்தால் "இங்கே ஏன் பிளஸ் போட்டீங்க?" என்று கேட்டால் போதும், அரை நிமிடத்தில் காரணம் வெளியே வந்துவிடும். தொலைநிலைக் கல்வியில் அந்தக் கேள்விக்குத் தாள்தான் பதில் சொல்ல வேண்டும். 1969இல் தொடங்கிய பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டியிலும், 1985இல் வந்த நம் இக்னோவிலும் ஒப்படைப்பில் ஆசிரியர் எழுதும் குறிப்பைப் பாடம் நடத்துவதன் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள்.

தவறிய இடங்களை மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது. சரியாக வந்த இடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தத் தாளில் கல் மேலே போகும் வரை எல்லாம் சரி. கீழே இறங்கத் தொடங்கியதும் தவறு. சுருள்வில்லை இழுத்த கணக்கு சரி. அமுக்கிய கணக்கு தவறு. கவனக்குறைவு இப்படி இடம் பார்த்து வராது. திசைவேகமோ இடப்பெயர்ச்சியோ மைனஸாக இருக்கும்போது மட்டும்தான் பிழை வருகிறது. ஆக, பிழை ஒன்றுதான்.

ஆசிரியர் எழுதிய குறிப்பின் நடுப்பகுதி இது:

"மேல்நோக்கிய திசையைப் பிளஸ் என்று எடுத்துக்கொண்டீர்கள், நல்லது. கல் ஏறும்போது விசை −mg − kv என்று எழுதியது சரி. இறங்கும்போது −mg + kv என்று மாற்றிவிட்டீர்கள். 'இப்போது காற்றுத் தடை மேல்நோக்கி இருக்கிறது, அதனால் பிளஸ்' என்று நினைத்திருப்பீர்கள். தடை மேல்நோக்கி இருப்பது உண்மைதான். ஆனால் இறங்கும் கல்லுக்கு v மைனஸ் எண். எனவே −kv தானாகவே பிளஸ் ஆகிவிடும். நீங்கள் கையால் இன்னொரு முறை திருப்பியதால் அது மறுபடி மைனஸ் ஆகிவிட்டது.

எண் போட்டுப் பாருங்கள். நிறை 1 கிலோ, k = 0.5, கல் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது; அதாவது v = −10. சரியான சமன்பாட்டில் விசை −9.8 + 5 = −4.8 நியூட்டன். உங்கள் சமன்பாட்டில் −9.8 − 5 = −14.8. காற்று கல்லைக் கீழே தள்ளுகிறது என்றல்லவா ஆகிறது! நான்காம் கேள்வியில் வேகம் எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போனதும் இதனால்தான். அது 19.6இல் நிலைத்திருக்க வேண்டும்.

சுருள்வில்லிலும் இதே கதை. 5 செ.மீ. அமுக்கினால் x = −0.05. k = 200 என்றால் −kx என்பது +10 நியூட்டன்; பழைய இடத்துக்குத் திருப்பித் தள்ளும். நீங்கள் +kx என்று மாற்றியதால் −10 வந்தது. அமுக்கிய வில் தன்னையே இன்னும் அமுக்கிக்கொள்ளுமா?"

எழுத்துக்குள்ளேயே குறி ஒளிந்திருக்கிறது என்பதை இந்த மாணவர் பார்க்கவில்லை. v என்றால் வெறும் வேகத்தின் அளவு என்று எடுத்துக்கொண்டு, திசையை வெளியிலிருந்து ஒட்டுகிறார். அளவு ஒரு பக்கம், திசை ஒரு பக்கம் என்று வைத்துக் கணக்குப் போடுவதும் செல்லுபடியாகும் முறைதான். ஒரே வரியில் இரண்டையும் கலந்தால்தான் குழப்பம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் ஆசிரியர் ஊகித்து ஒரு பத்தி சேர்த்திருந்தார். அதுதான் குறிப்பிலேயே சிறந்த பகுதி என்பேன். வேகம் கூடும்போது காற்றுத் தடையை v-இன் இருபடியாக எடுப்பார்கள். இருபடி எடுத்ததும் மைனஸ் காணாமல் போய்விடும். அங்கே ஏறுவதற்கு −kv², இறங்குவதற்கு +kv² என்று தனித்தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். ஒரே வரியில் முடிக்க வேண்டுமென்றால் −kv|v| என்று எழுதலாம். அந்தப் பாடத்தில் சரியாகக் கற்றதை மாணவர் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். இதைச் சொல்லாமல் "இனி குறியை மாற்றவே மாற்றாதீர்கள்" என்று எழுதியிருந்தால், அடுத்த ஒப்படைப்பில் இருபடிக் கணக்கு தவறியிருக்கும்.

மதிப்பெண்ணை முதல் இடத்தில்தான் வெட்டியிருந்தார். மற்ற இடங்களில் தவறான சமன்பாட்டிலிருந்தே ஆனாலும் வழிமுறை சரியாக இருந்ததால் அதற்குரிய மதிப்பெண் கொடுத்துவிட்டார். முடிவில்லாமல் ஏறும் வேகத்தைக் கண்டும் சந்தேகப்படாததற்கு மட்டும் ஒன்று குறைத்தார். அது நியாயம்தான்.

கடைசியில் ஒரு சின்னக் கணக்கு. சுருள்வில்லோடு c என்ற தடையும் சேர்ந்திருக்கிறது; x = −0.05, v = −0.2. விசையை −kx − cv என்று எழுதி, எதையும் திருப்பாமல் எண்களை அடைப்புக்குறிக்குள் குறியோடு போட்டு, அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த தாளோடு அனுப்பச் சொல்லியிருந்தார்.