வேகம் வாங்குமுன் சுவரைப் பாருங்கள்

புது பிராட்பேண்ட் இணைப்பு கொடுக்க வருகிறவருக்கு அன்றைக்கு இன்னும் நாலைந்து வீடுகள் பாக்கி இருக்கும். வாசல் வழியாக ஃபைபரை உள்ளே விட்டு, கதவோரம் கண்ணில் படும் முதல் பிளக் பாயிண்டிலேயே மோடத்தை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். பின்னறையில் வைஃபை இழுத்து இழுத்து வருமா வராதா என்பது பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்கினாலும் அந்த அறைக்குப் பெரிதாக ஒன்றும் போய்ச் சேராது.

சென்னையில் 700 சதுர அடி ஃபிளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசலை ஒட்டி ஹால், நடுவில் சமையலறையும் சின்ன நடையும், பின்னால் படுக்கையறைகள். மோடம் இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றுதான் என்பதால், அடுக்குமாடியில் எல்லா வீட்டு வைஃபையும் அங்கே நெருக்கியடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் நல்ல வேகம். ஆனால் இரண்டு செங்கல் சுவர் தாண்டுவதற்குள் பலவீனமாகிவிடும். நடுவில் கான்கிரீட் தூணோ இரும்பு பீரோவோ இருந்தால் இன்னும் மோசம்.

இந்த வீட்டில் மோடத்தின் இடம் நடைதான். அங்கிருந்து எந்த அறைக்கும் ஒரு சுவர்தான் குறுக்கே வரும். வேலை தொடங்குமுன்பே சொல்லிவிட்டால் கூடுதலாகப் பத்து மீட்டர் ஃபைபர் இழுத்துத் தருவார்கள். அதற்குக் கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுக்கலாம். ஃபைபர் மூலைகளில் மடங்காமல் வளைந்து போகவேண்டும். டிவிக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ மோடத்தை ஒளித்துவைக்காதீர்கள். வாசலைவிட்டு நகர்த்தவே முடியாதென்றால், அங்கிருந்து நடைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் வையுங்கள். கேபிள் இல்லாத சாதாரண ரிப்பீட்டர், வாங்கிய சிக்னலையே திருப்பி அனுப்புவதால் வேகத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும்.

ரவுட்டர் வாங்கும்போது வைஃபை 6 போதும். பல கருவிகள் ஒரே நேரத்தில் இயங்கும் வீட்டில் அதன் பலன் தெரியும். வைஃபை 7 இருந்தாலும், உங்கள் போனுக்கும் லேப்டாப்புக்கும் அது தெரியாவிட்டால் கொடுத்த காசு வீண். அட்டைப்பெட்டியில் 1200 என்று போட்டிருப்பது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிச் சொல்லும் கணக்கு. அதைவிட முக்கியம், பின்பக்கத் துளைகள் கிகாபிட் போர்ட்தானா என்பது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும். அதில் 200 எம்பிபிஎஸ் திட்டத்தைச் செருகினால், வேகம் எப்போதும் 95-ஐ ஒட்டியே நின்றுவிடும். சோதனையில் அந்த எண்ணே திரும்பத் திரும்ப வந்தால் போர்ட்டையோ, பழுதான லேன் கேபிளையோ சந்தேகப்படுங்கள்.

நாலு பேர் உள்ள வீட்டில் 4கே படம் ஒன்றுக்கு 15 எம்பிபிஎஸ், வீடியோ கால் ஒன்றுக்கு மூன்று நான்கு என்று கூட்டிப் பார்த்தால் 50-க்கே சமாளித்துவிடலாம், 100 தாராளம். விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 499 ரூபாய் திட்டத்துக்குக் கையைவிட்டுப் போவது 589 ரூபாய்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க ஊர் முழுக்க விசாரிக்க வேண்டியதில்லை. அதே கட்டடத்தில், அதே இணைப்பு வைத்திருப்பவரைக் கேளுங்கள். மோடத்தில் LOS விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் சிக்னல் வரவில்லை என்று பொருள். அப்படி ஆனபோது ஆள் வர எவ்வளவு நேரமாயிற்று என்று கேளுங்கள். மின்வெட்டில் நெட் நிற்கிறதா என்றும் கேளுங்கள். வீடுவரை ஃபைபர் வந்தால் வழியில் மின்சாரம் தேவைப்படும் கருவி பெரும்பாலும் இருக்காது. மோடத்துக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வைத்தால் இணைப்பு ஓடும். மாடிப்படி ஸ்விட்சிலிருந்து லேன் கேபிள் இழுத்துக் கொடுத்தால், கரண்ட் போனதும் அந்த ஸ்விட்சோடு நெட்டும் போகும்.

கோளாறு யார் பக்கம் என்று பார்க்க, பின்னறையில் விண்டோஸ் லேப்டாப்பை வைத்து, இரண்டு ஜன்னல்களில் இவற்றை ஓடவிடுங்கள்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதல் முகவரி உங்கள் ரவுட்டர். மாடலுக்கு மாடல் மாறும், அடிப்பகுதி ஸ்டிக்கரில் இருக்கும். அதற்கே பதில் தாமதமாகவோ விட்டுவிட்டோ வந்தால் குறை வீட்டு வைஃபையில். ரவுட்டர் சில மில்லிசெகண்டில் சீராகப் பதில் தந்து, இரண்டாவது மட்டும் தடுமாறினால் நிறுவனத்தைக் கூப்பிடலாம். முதல் மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இதைச் சில நாள் பார்த்துவிட்டு, அதன் பிறகு வருடச் சந்தாவைக் கட்டுங்கள்.