கல்லா நிறைந்தது, தங்கம் குறைந்தது!

"சேதாரத்தில் பாதி தள்ளுபடி!"

போன தீபாவளிக்கு வடசென்னையில் உள்ள ஒரு சிறிய நகைக்கடையில் இப்படித்தான் பேனர் தொங்கியது. கூட்டம் அலைமோதியது. கல்லாப்பெட்டி நிரம்பி வழிந்தது. ஆனால் பண்டிகை முடிந்து தராசில் நிறுத்துப் பார்த்த முதலாளி தலையில் கை வைத்தார்!

நடந்தது என்ன?

தங்கத்தின் அன்றைய விலை எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். அதில் யாரும் கை வைக்க முடியாது. கடைக்காரருக்குக் கிடைப்பதெல்லாம் சேதாரத்தில்தான்.

அவர் விற்ற ஒரு பவுன் செயினையே எடுத்துக் கொள்வோம். எடை 8 கிராம். சேதாரம் 12 சதவீதம், அதாவது 960 மில்லி. அதில் 400 மில்லி சவுகார்பேட்டை மொத்த வியாபாரிக்குப் போய்விடும். மிச்சம் 560 மில்லி. பாதி தள்ளுபடி என்றால் 480 மில்லி வாடிக்கையாளருக்கு. கடைக்கு நின்றது வெறும் 80 மில்லி! வாடகை, சம்பளம், கரண்டு பில் எல்லாம் இதற்குள்தான்.

இன்னொரு அடி

அதோடு விட்டதா? விற்ற தங்கத்தை அன்றே திருப்பி வாங்காமல், "விலை இறங்கும், அப்புறம் வாங்கிக்கலாம்" என்று காத்திருந்தார். இறங்கவில்லை, ஏறியது! 100 கிராம் விற்ற பணத்துக்கு 96 கிராம்தான் வந்தது. 100 கிராமில் அவர் லாபமோ 1 கிராம். ஆக, 3 கிராம் கைநஷ்டம்!

இந்த வருடம் உஷார்

"ரூபாயைப் பாத்து ஏமாந்தேன். இப்ப கிராம் கணக்குதான்" என்கிறார் அவர்.

இந்த முறை சேதாரத்தில் கால் பங்குதான் தள்ளுபடி. அப்படியானால் ஒரு பவுனுக்கு 320 மில்லி நிற்கும். தினமும் ஷட்டரை இறக்குமுன் அன்று விற்ற எடைக்குத் தங்கம் வாங்கி விடுகிறார்.

சரக்கிலும் மாற்றம். 5 பவுன் ஆரம் ஒன்று ஷோகேசில் தூங்கினால் 40 கிராம் முடங்கும். அதே தங்கத்தில் 2 கிராம் மோதிரம் 20 போடலாம். தீபாவளிக்குச் சிறு சேமிப்போடு வருகிறவர்கள் கேட்பது மோதிரம், தோடு, மூக்குத்திதான். அதனால் ஆரத்தைக் குறைத்து, "ஆர்டர் கொடுத்தால் செய்து தருகிறோம்" என்று டிசைன் புத்தகத்தை மட்டும் காட்டுகிறார்.

பத்தர்களுக்கு ஒன்றரை மாதம் முன்பே ஆர்டர் போய்விட்டது. காரணம் உண்டு. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க்கோடு 6 எழுத்து, எண் கொண்ட அடையாளமும் கட்டாயம். 2 கிராமுக்குக் குறைந்த பொடி நகைக்கு விலக்கு உண்டு. முத்திரை விழாத மோதிரம் தீபாவளியன்று பெட்டியில் இருந்தும் பயனில்லை!

"பக்கத்துக் கடையில் பாதி தள்ளுபடியாமே?" என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அங்க சேதாரம் எத்தனை சதவீதம்னு முதல்ல கேளுங்கம்மா. 20 போட்டுப் பாதி குறைச்சா 10. நான் 12 போட்டு கால் குறைச்சா 9!"